260ஐ நாலால் பெருக்கி வரும் 1040க்கு என்ன பெயர்?

செங்கலடி ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். வீதிப் போக்குவரத்துப் பாடத்துக்குத் திங்கட்கிழமை பயிற்சித்தாள் கொடுக்க வேண்டும். பதுளை வீதி வந்து ஏறும் எங்கள் சந்தியை வைத்தே கணக்கு அமைத்தேன். ஒரு பக்கத்திலிருந்து வரும் வாகனங்களை 7 மணியிலிருந்து 8 மணிவரை கோடு போட்டு எண்ணுகிறார்கள். கால்மணிக்குக் கால்மணி 148, 260, 222, 170 என்று வைத்தேன். கூட்டினால் 800. பள்ளிக்கூட அவசரம் உள்ள 7.15–7.30இன் 260ஐ நாலால் பெருக்கினால் 1040. இரண்டுக்கும் அலகு 'மணிக்கு வாகனங்கள்'தான். இரண்டாவதுக்குத் தனிப்பெயர் வேண்டும்.

காத்தான்குடி:
தங்கச்சி, இதுக்கு ஏன் புதுச் சொல்? கால்மணி எண்ணினால் நாலால் பெருக்கு, அவ்வளவுதான். கட்டாயம் வேண்டுமென்றால் 'வாகனக் கதி' என்று போடுங்கோ.

அம்பாறை, ஓய்வுபெற்ற பொறியியலாளர்:
பெருக்கல் சரி தம்பி, பெயர் சரியில்லை. கதி என்றால் வாகனம் எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பது. நெரிசலில் கதி குறையும்போதும் கடக்கும் எண்ணிக்கை கூடலாம்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் 1040 வாகனம் வரவேயில்லை; வந்தது 800. அந்தக் கால்மணியின் அளவு ஒரு மணிநேரம் நீடித்திருந்தால் 1040 வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அது வெறும் கற்பனை எண் அல்ல. அந்தப் பக்கத்தால் மணிக்கு 900 வாகனம்தான் கடக்க முடியும் என்று வையுங்கள். 800 அதைவிடக் குறைவு, ஆகவே பிரச்சினை இல்லை என்று அறிக்கை எழுதிவிடுவோம். ஆனால் 900 என்றால் கால்மணிக்கு 225. 7.15க்குப் பிறகு 260 வர, 225 போக, 7.30க்கு 35 வாகனம் வரிசையில் நிற்கும். அடுத்த கால்மணியில் 222 வர, 225 போக, இன்னும் 32 நிற்கும். கடைசிக் கால்மணியில்தான் வரிசை கரையும். 800 இதை மறைக்கிறது, 1040 காட்டுகிறது.

இன்னொன்று, எங்கே நின்று எண்ணுகிறார்கள்? சந்தி வாயிலில் நின்றால் கடந்துபோனதுதான் கணக்கில் வரும்: 148, 225, 225, 202. கூட்டுத்தொகை அதே 800, ஆனால் உச்சம் 900 என்றுதான் தெரியும். அடுத்தடுத்த கால்மணிகள் ஒரே எண்ணில் நின்று, பின்னால் வரிசையும் இருந்தால், அது வந்த அளவல்ல, சந்தி விட்ட அளவு. பிள்ளைகளை வரிசையின் வாலுக்கும் பின்னால் நிறுத்துங்கள்.

ஆரையம்பதி:
ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. சொல்லுக்கு வருவோம். 'ஒழுக்கு' இருக்கிறதே! எறும்பொழுக்கு என்கிறோம். ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல் போவதற்கு அதைவிட நல்ல சொல் இல்லை. ஆறு என்பதற்கே வழி என்றும் பொருள். ஆற்றுப்படையில் வருவது அந்த ஆறுதான். நீரின் வழியும் மனிதரின் வழியும் தமிழில் ஒரே சொல்லாக இருக்க, 'ஊர்தி ஒழுக்கு' என்பது வேரோடு பொருந்தும். ஒழுகு, ஒழுங்கு, ஒழுக்கம் எல்லாம் ஒரு குடும்பம். இதைப் பற்றி விரிவாகத் தனிமடல் எழுதுகிறேன்.

களுவாஞ்சிக்குடி:
எங்கட வீடுகளில் ஒழுக்கு என்றால் கூரை ஒழுக்கு ஐயா. பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆசிரியை, எனக்கு ஒரு சந்தேகம். மழை பெய்து நாங்கள் 12 நிமிடத்தில் எண்ணுவதை விட்டால் என்ன செய்வது? அதையும் நாலால் பெருக்கச் சொல்லி எங்கள் மேற்பார்வையாளர் நிற்கிறார்.

அம்பாறை:
கூடாது. 60ஐ 12ஆல் வகுத்தால் 5, ஐந்தால் பெருக்குங்கள். ஆனால் நேரம் குறையக் குறைய எண் தள்ளாடும். இரண்டு பஸ்கள் சேர்ந்து வந்தாலே ஐந்து நிமிடக் கணக்கில் 24 கூடிவிடும். 15 நிமிடத்தை வழக்கமாக வைத்திருப்பது அதனால்தான். பெயருக்கு 'ஓட்ட வீதம்' போதும். 800ஐ 'மணி எண்ணிக்கை' என்று வைத்துக்கொள்ளலாம்.

காத்தான்குடி:
800ஐ 1040ஆல் வகுத்தால் 0.77 வருகிறதே, அதுக்கும் பெயர் வேண்டுமா?

அம்பாறை:
வேண்டும். 'உச்சமணிக் காரணி' என்று எழுதலாம். நாலு கால்மணியும் சமமாக இருந்தால் அது 1. குறையக் குறைய, கூட்டம் ஒரு கால்மணிக்குள் அடைந்து வருகிறது என்று பொருள்.

ஆரையம்பதி:
'வீதம்' ஆபத்து. பத்திரிகையில் '20 வீதம்' என்றால் நூற்றுக்கு இருபது. 'ஓட்ட வீதம் 1040' என்று எழுதினால் பிள்ளை எதை நினைக்கும்?

செங்கலடி ஆசிரியை:
அலகைச் சேர்த்தே எழுதுகிறேன் ஐயா: 'ஓட்ட வீதம் மணிக்கு 1040 வாகனங்கள், 7.15–7.30 அளவில்.' எந்தக் கால்மணி என்று எழுதாத விடைக்குப் புள்ளி இல்லை. எண்ணும் இடத்தையும் கேள்வியில் சேர்த்துவிட்டேன். நான்கு பேர் 'ஓட்ட வீதம்' என்று தனிமடலில் சொன்னதால் இப்போதைக்கு அதையே அச்சிடுகிறேன்.

ஆரையம்பதி:
அச்சிடுங்கள் மகள். என் மறுப்பையும் பதிவில் வையுங்கள். அடுத்த தவணைக்குள் ஒழுக்குக்கு ஆள் சேர்ப்பேன்.