பார்ட்னர் இறந்த பிறகு வாரிசுக்குச் சேர வேண்டிய தொகை: நீங்கள் பார்த்த கணக்குகளைப் பகிருங்கள்

வண்ணை லெட்ஜர்

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை. மூன்று பார்ட்னர்கள், லாபப் பங்கு 2:2:1. மூத்தவர் அக்டோபர் 31 அன்று தவறிவிட்டார். தீபாவளி முடிந்து பதினோரு நாள். ஒருவர் இறந்தால் கடை கலையாது, மற்றவர்கள் தொடர்ந்து நடத்தலாம் என்று பார்ட்னர்ஷிப் ஒப்பந்தமான டீடில் இருக்கிறது.

காரியம் முடிந்ததும் மற்ற இருவரும் ஒரு செக்கை நீட்டினார்கள். 10,25,000 ரூபாய். கூடவே 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று டைப் அடித்த ரசீது, மேலே ரெவென்யூ ஸ்டாம்ப். மகன் பேனாவை எடுத்துவிட்டான். மகள்தான், "அண்ணா, இதுல தீபாவளி வியாபாரம் எங்க?" என்று கேட்டாள். கல்லாப் பக்கம் யாரிடமும் பதில் இல்லை.

அந்த 10,25,000 எப்படி வந்தது என்றால், ஏப்ரல் 1 அன்று கேபிடல் 12,00,000. அதில் மாதம் 25,000 வீதம் சொந்தச் செலவுக்கு எடுத்த ஏழு மாத டிராயிங்ஸ் 1,75,000 போக மீதி. பேரேட்டில் அந்தப் பக்கத்தில் உள்ள பாக்கி அதுதான், பொய் இல்லை. ஆனால் அவருக்குச் சேர வேண்டியது அது இல்லை.

டீடில் கேபிடலுக்கு 12 சதவீதம் வட்டி உண்டு. ஏழு மாதத்துக்கு 84,000. கடையின் பெயருக்குள்ள மதிப்பான குட்வில்லுக்கும் விதி எழுதியிருக்கிறது: கடைசி மூன்று வருட சராசரி லாபத்தின் இரண்டு மடங்கு. லாபம் 5,50,000, 6,20,000, 6,30,000. சராசரி 6,00,000, குட்வில் 12,00,000, மூத்தவர் பங்கு 4,80,000. மறுமதிப்பில் ஓடாத பழைய புடவைக்கு 90,000, வராக்கடனுக்கு 30,000 குறைத்தோம். அதில் அவர் தலையில் 48,000.

சண்டை வந்தது ஏழு மாத லாபத்தில். டீடில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. போன வருட லாபம் 6,30,000-ஐ மாதக் கணக்கில் பிரித்தால் ஏழு மாதத்துக்கு 3,67,500, அவர் பங்கு 1,47,000. விற்பனையை வைத்துப் போட்டால் வேறு தொகை. போன வருடம் 90 லட்சம் விற்பனைக்கு 6,30,000, அதாவது 7 சதவீதம். இந்த வருடம் அக்டோபர் வரை 66 லட்சம் விற்றிருக்கிறது. லாபம் 4,62,000, அவர் பங்கு 1,84,800. (போன வருட லாபம் பார்ட்னர்கள் வட்டி கழித்த பிறகு உள்ளது. அதனால் வட்டியை இரண்டு தடவை கொடுத்ததாக ஆகாது.)

விற்பனைக் கணக்கில் மொத்தம் 17,25,800. மாதக் கணக்கில் 16,88,000. எதுவானாலும் செக்கில் இருந்த தொகை அருகில்கூட வராது.

தங்கசாலை டேலி

சார், இவ்வளவு குழப்பம் தேவையே இல்லை. டீடில் எழுதாவிட்டால் மாதக் கணக்குதான் சட்டம். 1,47,000 கொடுத்து முடித்திருக்கலாம்.

அப்புறம் குட்வில். கடை வாடகைக் கடை, ஓனர் நாளைக்கே காலி பண்ணச் சொன்னால் என்ன குட்வில்? நாமே வளர்த்த குட்வில்லை புத்தகத்தில் சொத்தாகக் காட்டக்கூடாது என்று கணக்கியல் தரம் 26 சொல்கிறது. நம் பசங்களுக்கு எல்லாம் சொல்வேன்: டேலியில் குட்வில் என்று ஒரு லெட்ஜர் திறந்தாலே தப்பு. புது பார்ட்னர்ஷிப் போடுகிறவர்கள் முதல் நாளே 'குட்வில் கிடையாது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூடவே ஒவ்வொரு பார்ட்னர் பெயரிலும் கடைச் செலவில் ஆயுள் காப்பீடு எடுத்து வையுங்கள். செட்டில்மெண்டுக்குக் கடைப் பணத்தைத் தொட வேண்டாம். இதெல்லாம் செய்தால் பாதிப் பிரச்சினை வராது.

ஓய்வுபெற்ற ஆடிட் கிளார்க், ராயபுரம்

தம்பி, புத்தகத்தில் குட்வில் லெட்ஜர் திறக்கக்கூடாது என்றது சரி. வாரிசுக்குக் குட்வில் கிடையாது என்றது அதிலிருந்து வராது. பதிவு இப்படிப் போகும்: மற்ற இருவரின் கேபிடலில் 3,20,000-மும் 1,60,000-மும் பற்று, இறந்தவர் கேபிடலில் 4,80,000 வரவு. அவர் விட்ட பங்கை இவர்கள் 2:1 என்று எடுத்துக்கொள்வதால் அந்த விகிதம். சொத்துப் பக்கத்தில் குட்வில் என்று எதுவும் வராது, தரமும் மீறப்படாது. டீடே மௌனமாக இருந்தாலும் குட்வில் கடையின் சொத்து, அதில் இறந்தவரின் வாரிசுக்குப் பங்கு உண்டு என்பது 1970 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. வாடகைக் கடை என்பதற்காகப் பெயர் போய்விடாது. பக்கத்துத் தெருவுக்கு மாறினாலும் அந்தப் போர்டைத் தேடி வருவார்கள்.

மாதக் கணக்கு 'சட்டம்' இல்லை. கையில் வேறு விவரம் இல்லாதபோது போடுகிற குத்துமதிப்பு. வருடம் முழுக்க ஒரே சீராக ஓடும் தொழிலுக்குச் சரி. ஜவுளிக்கு ஆடியும் தீபாவளியும் இறப்புக்கு முன்னால் முடிந்துவிட்டால் மாதக் கணக்கு வாரிசை அடிக்கும். அதே மனிதர் ஜூன் 30 அன்று போயிருந்தால் மாதக் கணக்கு வாரிசுக்கு லாபம், மற்றவர்களை அடிக்கும்.

ஆனால் விற்பனைக் கணக்கையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. 7 சதவீதம் என்பது வருடச் சராசரி. ஆடித் தள்ளுபடியில் மார்ஜின் அதைவிடக் குறைவு, தீபாவளியில் கூடுதல்.

உண்மையான வழி, இறந்த தேதியிலேயே கடையை ஒரு நாள் மூடி சரக்கை எண்ணி, அன்றைய தேதிக்குக் கணக்கை முடிப்பது. அப்படிச் செய்யும்போதும் ஒரு இடத்தில் வழுக்கும். ஒரு ஃபைலில் தீபாவளி போனஸ் 1,20,000 முழுவதையும் ஏழு மாதச் செலவில் போட்டிருந்தார்கள், அக்டோபரில் கொடுத்தோம் என்று. அந்தக் கடையில் போனஸ் அந்த வருடம் முழுக்கச் செய்யும் வேலைக்கு. பின்னால் வரும் ஐந்து மாதத்துக்கு உரிய 50,000 தள்ளி நிற்க வேண்டும். 2/5 பங்குக்காரருக்கு அந்த ஒரு பதிவிலேயே 20,000 குறைந்துவிடும். வவுச்சரில் கொடுத்த தேதி மட்டும்தான் தெரியும், எந்தக் காலத்துக்கு என்று தெரியாது. எண்ணுகிற ஆள்தான் கேட்க வேண்டும்.

காசிமேடு ஐஸ்

எங்க பக்கமும் இதேதான். ஐஸ் பேக்டரியில் நாலு பேர், ஒருத்தர் விலகினார். கணக்கு முடிச்சு பணமும் வாங்கிட்டார். எட்டு மாசம் கழிச்சு அமோனியா சப்ளையர் அவர் வீட்டுக்கும் நோட்டீஸ் அனுப்பினான், அவர் போன பிறகு எடுத்த சரக்குக்கு. பேப்பர்ல விளம்பரம் கொடுக்கலை, அதனால மாட்டிக்கிட்டார். மேலே சொன்ன ஜவுளிக்கடைக்காரங்க குடும்பம் உடனே பேப்பர்ல போடணும், இல்லன்னா மகன் தலையில கடை கடன் விழும்.

ராயபுரம் வக்கீல் குமாஸ்தா

அண்ணே, நீங்க சொல்றது விலகினவருக்கு. இங்க இறப்பு. விலகுகிறவர் பொது அறிவிப்பு கொடுக்கும் வரை வெளியாளுக்குப் பொறுப்பு தொடரும். பதிவான கடை என்றால் ரிஜிஸ்ட்ராருக்கு, அரசிதழில், மாவட்டத்தில் ஓடும் ஒரு உள்ளூர் மொழி நாளிதழில் கொடுக்க வேண்டும். இறந்தவருடைய சொத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. இறந்த பிறகு கடை எடுக்கும் கடனுக்கு விளம்பரம் இல்லாமலே அவர் சொத்து பொறுப்பாகாது. இறக்கும் முன் எடுத்த கடனுக்குப் பொறுப்பு உண்டு, அதை மறந்துவிட வேண்டாம்.

வண்ணை சார், அந்த 17,25,800-ஐ எப்போது கொடுத்தார்கள்? தாமதம்தான் அடுத்த சண்டை.

வண்ணை லெட்ஜர்

கொடுக்கவில்லை. மார்ச் 31 வரை கடைக்குள்ளேயே ஓடியது. 'வாரிசு கடன்' என்று ஒரு லெட்ஜருக்கு மாற்றியதோடு சரி. டீடில் வட்டி பற்றி எதுவும் இல்லாததால் 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 37-ஆம் பிரிவு வந்தது. 6 சதவீத வட்டி, இல்லாவிட்டால் அந்தப் பணத்தால் கடை சம்பாதித்த லாபத்தில் பங்கு. தேர்வு வாரிசுடையது, கடைக்காரருடையது அல்ல.

6 சதவீதம் என்றால் ஐந்து மாதத்துக்கு 43,145. லாபத்தை எடுத்தால்: அந்த ஐந்து மாத லாபம் 2,40,000, கடையில் நின்ற மொத்தப் பணம் 43,14,500, அதில் மூத்தவருடையது சரியாக 40 சதவீதம். ஆக 96,000.

தங்கசாலை டேலி

அப்ப 96,000-தான் கேட்பாங்க, யாராவது 43,000 வாங்குவாங்களா!

ராயபுரம் வக்கீல் குமாஸ்தா

கேட்கலாம், அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 'அந்தப் பணத்தால் வந்த லாபம்' என்றுதான் பிரிவு சொல்கிறது. மற்ற இருவரும் காலை முதல் இரவு வரை கடையில் நின்றார்களே, அந்த உழைப்பால் வந்த லாபம் வாரிசுக்குப் போகாது. அதைக் கழித்துவிட்டுத்தான் 40 சதவீதம். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். பொங்கல் விற்பனை சுமாராகப் போன வருடம் என்றால் 6 சதவீதமே நல்லது.

இன்னொன்று. பணம் யாருக்குக் கொடுப்பது? மகன் ரசீது போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இந்து குடும்பத்தில் மனைவி, மகன், மகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. கொருக்குப்பேட்டையில் ஒரு கடையில் பாட்டியை விட்டுவிட்டு மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பாட்டி திரும்பி வந்து கேட்டபோது கால் பங்கை மறுபடி கொடுக்க வேண்டியதாயிற்று. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் ஒரே ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும். தகராறு வரும் போலிருந்தால் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று இல்லாமல் செக்கை நீட்டாதீர்கள்.

தங்கசாலை டேலி

மனைவி பெயரில் கடைக்கு 3,00,000 கடன் கொடுத்திருந்தால்? அதையும் சேர்த்து 20 லட்சம் செட்டில்மெண்ட் என்று போட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற ஆடிட் கிளார்க், ராயபுரம்

சேர்க்கவே கூடாது. அந்த அம்மா கடைக்குக் கடன் கொடுத்தவர் என்ற முறையில் தனியாக வாங்குவார். அது இறந்தவரின் சொத்தே இல்லை, மகளுக்கும் பாட்டிக்கும் அதில் பங்கு கிடையாது. சேர்த்து எழுதினால் எல்லாரும் பிரிக்கச் சொல்வார்கள்.

வண்ணை லெட்ஜர்

ஒரு கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. வராது என்று ஒதுக்கிய 30,000-ஐ ஜனவரியில் ஒருவர் வந்து கட்டிவிட்டார். வாரிசு 12,000 கேட்கிறார்கள். மற்ற இருவரும், அக்டோபரிலேயே மதிப்பு முடிந்துவிட்டது, இனி வருவது எங்கள் லாபம் என்கிறார்கள்.

ராயபுரம் வக்கீல் குமாஸ்தா

மறுமதிப்புப் பட்டியலில் வாரிசு கையெழுத்துப் போட்டார்களா?

வண்ணை லெட்ஜர்

மகன் மட்டும் போட்டான். மகள் போடவில்லை.