விஎம்முக்குள் ஓடுவது வெளியே வருமா? ஹைப்பர்வைசர் அப்டேட் நமக்கும் அவசியமா?

கார்முகில்: சந்தேகமான மென்பொருளை எல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்மில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடுவேன். உள்ளே உள்ள விண்டோஸுக்கு அப்டேட் போடுகிறேன், ஹைப்பர்வைசரான விர்ச்சுவல்பாக்ஸை மட்டும் ரொம்ப நாளாகத் தொடவில்லை. விஎம்மிலிருந்து வெளியே வரவிடும் எஸ்கேப் பக் எல்லாம் கிளவுட் நிறுவனங்களின் கவலைதானே?

பழையபெட்டி: என் கருத்தும் அதுதான். அந்த மாதிரி ஓட்டை பெரிய விலைக்குப் போகிற சரக்கு. அதை நம்மைப் போன்றவர்கள் மேல் யார் செலவழிப்பார்கள்? ஷேர்டு ஃபோல்டர், கிளிப்போர்டு இரண்டையும் அணைத்துவிடுங்கள். கெஸ்டுக்கும் ஹோஸ்டுக்கும் நடுவே வழியே இருக்காது.

நிழல்முகம்: வழி இருக்கிறது நண்பரே, நெட்வொர்க் கார்டு. 2018 நவம்பரில் வெளியான ஓட்டையைப் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் தானாகவே தருகிற Intel PRO/1000 MT Desktop கார்டு, NAT முறை, இவ்வளவுதான் அதற்குத் தேவை. ஷேர்டு ஃபோல்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கெஸ்ட் அனுப்பும் பாக்கெட்டின் அளவைக் கணக்கிடும் இடத்தில் ஒரு கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போய், பிரம்மாண்டமான எண்ணாகத் திரும்பியது. அந்த எண்ணை நம்பி நகலெடுத்ததில் ஹோஸ்டில் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸின் நினைவகம் அழிந்து எழுதப்பட்டது.

விலை பற்றிச் சொன்னீர்கள். இதைக் கண்டுபிடித்தவர் பேட்ச் வருவதற்கு முன்பே முழு விவரத்தையும் இணையத்தில் போட்டுவிட்டார். 5.2.22 பதிப்பு வந்த பிறகும் பழையதிலேயே இருந்தவர்களைத் தாக்க, யாரும் எதையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வாசித்தால் போதும்.

பழையபெட்டி: ஆனால் அதற்கு கெஸ்டுக்குள் அட்மின் உரிமை வேண்டுமே. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நிழல்முகம்: வேண்டும், சரிதான். ஆனால் கார்முகில் செய்கிற வேலையை யோசியுங்கள். சந்தேகமான இன்ஸ்டாலரை ஓட்டுகிறார், அது அட்மின் அனுமதி கேட்கிறது, "விஎம்தானே" என்று கொடுத்துவிடுகிறார். அந்த நிபந்தனை அங்கேயே நிறைவேறிவிடுகிறது.

வெளியே வந்தபின் ஹோஸ்டில் அட்மின் ஆகவும் அவசியமில்லை. அந்த 2018 ஓட்டை தருவது விஎம்மை ஓட்டும் பயனரின் உரிமை. உங்கள் ஆவணங்கள், பிரவுசர் புரொஃபைல், எஸ்எஸ்எச் சாவிகள் எல்லாம் அந்த உரிமைக்குள்தான் இருக்கின்றன. ஸ்னாப்ஷாட் கெஸ்டை மட்டும்தான் பின்னுக்குக் கொண்டுபோகும். ஹோஸ்டில் நடந்ததை அது தொடாது.

ஷேர்டு ஃபோல்டரை அணைக்கச் சொன்னது நல்ல யோசனைதான். 2025 மார்ச்சில் விஎம்வேரில் அடைத்த மூன்று ஓட்டைகளில் ஒன்று, ஃபோல்டர் பகிர்வுக்கான HGFS பகுதியில் இருந்தது. மூன்றும் ஏற்கெனவே தாக்குதலில் பயன்பட்டவை. சர்வர்களோடு, மேசைக் கணினியில் ஓடும் வொர்க்ஸ்டேஷனும் ஃப்யூஷனும் அந்தப் பட்டியலில் இருந்தன.

குமிழி: நான் கெஸ்ட் அடிஷன்ஸை விடாமல் அப்டேட் செய்கிறேன். அது போதாதா?

நிழல்முகம்: போதாது. அடிஷன்ஸ் ஓடுவது கெஸ்டுக்குள். நான் சொன்ன ஓட்டை ஹோஸ்ட் பக்கம் இருந்தது. ஆனாலும் அடிஷன்ஸைப் பழையதாக விட்டுவிடாதீர்கள். அதன் டிரைவர்களும் சர்வீஸும் கெஸ்டில் உயர்ந்த உரிமையோடு ஓடுகின்றன. அதில் ஓட்டை இருந்தால், சாதாரண உரிமையில் ஓடும் மால்வேருக்கும் அட்மின் உரிமை கிடைக்கலாம். எஸ்கேப்புக்குக் குறைவாக இருந்தது அது ஒன்றுதான். இரண்டின் பதிப்பையும் ஹோஸ்டிலிருந்தே பார்க்கலாம், விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது (`win10` இருக்கும் இடத்தில் உங்கள் விஎம்மின் பெயர்):

```
VBoxManage --version
VBoxManage guestproperty get "win10" "/VirtualBox/GuestAdd/Version"
```

இரண்டாவது எண் பின்தங்கியிருந்தால், ஹோஸ்டைப் புதுப்பித்துவிட்டு உள்ளே மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது அடிஷன்ஸும் பழைய பதிப்புக்கே போய்விடும். அதனால் அப்டேட் போட்ட கையோடு புது ஸ்னாப்ஷாட் எடுங்கள்.

செல்வி_லினக்ஸ்: நான் கேவிஎம் பயன்படுத்துகிறேன். qemu பேக்கேஜ் அப்டேட் ஆனதும் கெஸ்டுக்குள் போய் ரீபூட் கொடுப்பேன். சரிதானே?

நிழல்முகம்: இல்லைங்க. கெஸ்ட் ரீபூட் ஆனாலும் ஹோஸ்டில் qemu ப்ராசஸ் அதேதான். அது நினைவகத்தில் பழைய கோடையே ஓட்டிக்கொண்டிருக்கும். இதைப் போட்டுப் பாருங்கள்:

```
sudo ls -l /proc/*/exe | grep qemu
```

வரியின் கடைசியில் `(deleted)` என்று வந்தால், வட்டில் இல்லாத பழைய பதிப்பு ஓடுகிறது. கெஸ்டை முழுதாக ஷட்டவுன் செய்து மறுபடி தொடங்குங்கள்.

செல்வி_லினக்ஸ்: மூன்று கெஸ்டில் இரண்டு அப்படித்தான் காட்டுகிறது. மாதக்கணக்கில் ரீபூட் மட்டுமே செய்திருக்கிறேன்.

பழையபெட்டி: பதிப்பு மாற்றினால் என் பழைய கெஸ்டில் டிஸ்ப்ளே டிரைவர் வேலை செய்வதில்லை. அந்த விஎம் இல்லாமல் ஒரு பழைய கருவியை இயக்க முடியாது. எனக்கு இதில் என்ன பதில்?

நிழல்முகம்: அந்த விஎம்மில் நம்பகமில்லாத எதையும் ஓட்டாதீர்கள், நெட்வொர்க் கார்டையே எடுத்துவிடுங்கள். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். 2015-இல் வெளியான வெனம் ஓட்டை qemu-வின் ஃப்ளாப்பி கன்ட்ரோலரில் இருந்தது. ஃப்ளாப்பியே வைக்காத விஎம்களையும் அது பாதித்தது.

பழையபெட்டி: நம்பகமானதை மட்டும் ஓட்டும் ஒரு விஎம்முக்காக வேலை நிற்பதை என்னால் ஏற்க முடியாது. கார்டை எடுத்துவிடுகிறேன், பதிப்பு அப்படியே இருக்கட்டும்.

கார்முகில்: எனக்கு அந்தச் சாக்கு இல்லை. ஹோஸ்டில் புதுப் பதிப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. அடிஷன்ஸை மாற்றியதும் பழைய ஸ்னாப்ஷாட்களை அழித்துவிடலாமா, இல்லை ஒன்றாவது வைத்துக்கொள்ளலாமா?