சகாரின் செய்த குற்றம் என்ன?

கடல்மணி (மாயேபூர்): என் மகனுக்குப் பத்து வயது. டின்டின் சித்திரக்கதை வரிசையில் லிகோர்ன் கப்பலின் இரகசியத்தை இப்போதுதான் படித்து முடித்தான். அதன் தொடர்ச்சியை இன்னும் தொடவில்லை. 2011-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படம் “புத்தகத்தை அப்படியே கண்முன் நிறுத்துகிறது” என்று கதிர் அண்ணன் சென்ற வாரம் எழுதியிருந்தார். காட்டலாமா?

வேலாயுதம் (ரோஸ் ஹில்): அப்படி எழுதியவர் புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தாரா என்று அறிய விரும்புகிறேன். புத்தகத்தில் சகாரின் கப்பல் மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் அப்பாவி. அவரையே மயக்க மருந்து கொடுத்துக் கிடத்திவிட்டு, அவரிடமிருந்த, புதையலுக்கு வழிகாட்டும் ஓலையைத் திருடிச் செல்கிறார்கள். உண்மையான வில்லன்கள் லுவாசோ சகோதரர்கள். படமோ சகாரினையே கடற்கொள்ளையனின் வாரிசாக்கிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது.

கதிர் (கியூர்பிப்): புத்தகத்திலும் டின்டின் முதலில் சகாரினைத்தான் சந்தேகிக்கிறான், ஐயா. இயக்குநர் அந்தச் சந்தேகத்தைச் சற்று நீட்டினார், அவ்வளவுதான். ஒரு வில்லனின் பெயர் மாறியதற்காக ஊரைக் கூட்ட வேண்டியதில்லை.

வேலாயுதம்: பெயர் மாறியதா? தம்பி, சிட்டுக்குருவிகள் எங்கே போயின? டின்டினின் வீட்டு வாசலில் சுடப்பட்ட மனிதர் பேச முடியாமல், தரையில் மேயும் சிட்டுக்குருவிகளை விரலால் சுட்டுகிறார். யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. பிரெஞ்சில் பறவை என்று பொருள்படும் லுவாசோ என்ற பெயர் பின்னர் தெரியவரும்போதுதான், அவர் பறவையைக் காட்டிச் சொல்ல வந்தது அந்தப் பெயரை என்று வாசகன் துள்ளி எழுகிறான். படத்தில் அவர் செய்தித்தாளின் எழுத்துகள்மீது இரத்தத்தைப் பதித்துக் கராபுட்ஜான் என்ற கப்பலின் பெயரைக் காட்டிவிட்டு இறக்கிறார். அந்தக் கப்பலே நண்டுக் கதையைச் சொல்லும் வேறொரு டின்டின் புத்தகத்திலிருந்து இழுத்து வந்தது. லுவாசோ சகோதரர்களை நீக்கினால் குருவியும் பறந்துவிடும். புதிரின் ஆணியே அதுதான்.

வாசகி (வக்குவா): நான் பெர்செபோலிஸ் படத்தை என் எட்டு வயது மகளுக்குக் காட்டி, அவள் இரண்டு இரவுகள் உறங்கவில்லை. மூலச் சித்திரக்கதையை வரைந்த சத்ரபியே இணை இயக்குநராக இருந்தாலும் அது குழந்தைகளுக்கான படம் அன்று. எனவே கார்ட்டூன் என்றவுடன் போட்டுவிடாதீர்கள்.

வேலாயுதம்: அம்மா, இங்கே அச்சத்தைப் பற்றிப் பேசவில்லை. குருவிகளைப் பற்றிப் பேசுகிறோம்.

கதிர்: குருவி, குருவி, குருவி! ஆங்கிலத்தில் படித்த எங்களுக்கும் அந்தச் சகோதரர்கள் ‘பேர்ட்’ என்றுதான் அறிமுகமானார்கள், குறிப்பும் புரிந்தது. பிரெஞ்சில் படித்தவருக்கு மட்டுமே மூளை உண்டு என்பது ரோஸ் ஹில்லின் பழைய எண்ணம். ஆஸ்டெரிக்ஸும் கிளியோபாட்ராவும் என்ற சித்திரக்கதையை 2002-இல் அலேன் ஷபா படமாக்கியபோது, புத்தகத்தில் இல்லாத எழுத்தர் ஒருவரை நுழைத்தார். அந்த எழுத்தரின் வசனத்தைத்தான் இன்றும் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அங்கே நீங்கள் ஏன் குறைகூறவில்லை?

வேலாயுதம்: ஆஸ்டெரிக்ஸ் நகைச்சுவை, அரண்மனை கட்டும் பந்தயம் அங்கே குலையவில்லை, எழுத்தர் அதன்மேல் வந்து அமர்ந்துகொண்டார். இது துப்பறியும் கதை, துப்பையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வாங்கிச் சென்ற என் நண்டுப் புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. அதைத் திறந்திருந்தால் டின்டின் கேப்டன் ஹாடாக்கைக் கப்பலில் சந்திக்கும் காட்சி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருக்கும்.

கதிர்: புத்தகம் அட்டை கிழிந்த நிலையில்தான் என்னிடம் வந்தது என்பதையும் எழுதுங்கள்.

கடல்மணி: ஐயா, அண்ணா, நான் கேட்டது என் மகனைப் பற்றி.

வேலாயுதம்: அவனைப் பற்றித்தான் சொல்கிறேன், அம்மா. அவன் இன்னும் படிக்காத இரண்டாம் புத்தகத்தில் கடலடியைத் துழாவி அலுத்த பிறகு, கடைசிப் பக்கங்களில்தான் புதையல் மூலன்சார் மாளிகையின் நிலவறையில், உலக உருண்டைக்குள் இருப்பது தெரியவரும். இந்தப் படமோ அந்த உருண்டையைத் திறந்து காட்டிவிட்டே முடிகிறது. அறிவாளியான பேராசிரியரும் சுறாமீன் வடிவ நீர்மூழ்கியும் இதில் இல்லாததால், புத்தகத்துக்கு ஈடாகவும் இதை எண்ண முடியாது. 1990-களின் தொடக்கத்தில் வந்த தொலைக்காட்சி வரிசையில் இதே கதை தனித்தனி அத்தியாயங்களாக, புத்தகத்தை ஒட்டியே செல்லும். இரண்டாம் புத்தகம் முடியட்டும். முதலில் அதைக் காட்டுங்கள், பிறகு ஸ்பீல்பெர்க்.

கதிர்: அந்த வரிசையில் ஓட்டமே கிடையாது. மோட்டார் சைக்கிளில் நகரத்துக்குள் பாய்ந்து செல்லும் துரத்தலை அங்கே தேடிப் பாருங்கள்.

வேலாயுதம்: துரத்தல் இருக்கட்டும். சகாரின் செய்த குற்றம் என்ன? எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள்.

கதிர்: புத்தகம் உங்களுடையது. வந்து வாங்கிக்கொண்டு நீங்களே தேடுங்கள்.

வேலாயுதம்: அது நண்டுப் புத்தகம், தம்பி. அதில் சகாரினே வரமாட்டார்.