விலைப்புள்ளி முடியும் தேதியை உறுத்தாமல் நினைவூட்டுவது எப்படி?

மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு ஃபைபர் பூச்சு வேலை செய்துவரும் நான், பாம்பனைச் சேர்ந்த படகு உரிமையாளர் ஒருவருக்குக் கொடுத்த விலைப்புள்ளி வரும் வெள்ளிக்கிழமையுடன் முடிகிறது. ரெசின் விற்பவர் எனக்குப் பழைய விலையை அதுவரைதான் உறுதி செய்திருக்கிறார் என்பதால், அந்தத் தேதி படகு உரிமையாளரை அவசரப்படுத்துவதற்காக நான் வைத்ததன்று. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 அன்று முடிவதால் அவருக்கே நெருக்கடி இருக்கும்; பணம் புரட்டிக்கொண்டும் இருக்கலாம்.

"ஐயா, தந்த விலை வெள்ளிக்கிழமை வரை செல்லும், அதன்பின் ரெசின் விலை மட்டும் மாறக்கூடும், கூலி மாறாது. கூடுதல் நாள் தேவையென்றாலும், இப்போது வேண்டாமென்றாலும் ஒரு வரி தெரிவித்தால் போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரே முறை அனுப்ப எண்ணுகிறேன்.

மூன்று நாள் முன்னதாக அனுப்பினால் போதுமா? 'வேண்டாம்' என்பதற்கும் நானே இடம் கொடுப்பது சரியா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.