பதினைந்து சதவீத டிப்: பத்தில் ஒன்று, அதில் பாதி

எடிசன், நியூ ஜெர்சி

டிப் கணக்கை மனசிலேயே போடுகிறவர்கள் எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்கத்தான் இதை ஆரம்பிக்கிறேன். முதலில் என் வழி.

சென்ற வாரம் சாப்பிட்ட பில் இது. சாப்பாடு 47.80 டாலர். எங்கள் மாநில விற்பனை வரி 6.625 சதவீதம், அது 3.17. மொத்தம் 50.97. டிப்புக்கு நான் எடுத்துக்கொள்வது வரி சேராத தொகையைத்தான். 47.80-ல் புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளினால் 4.78, அது பத்து சதவீதம். அதில் பாதி 2.39. இரண்டையும் கூட்டினால் 7.17. இந்தச் சில்லறை தொல்லையாக இருந்தால் பில்லை 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.80, 2.40, கூட்டினால் 7.20. மூன்று சென்ட் அதிகம், போகட்டும்.

எங்கள் நண்பர் வட்டத்தில் நான் பார்த்தவரை, பாதி எடுப்பதில் யாரும் தடுமாறுவதில்லை. பேச்சு சுவாரசியத்தில் கடைசியாக வந்த எண்ணை மட்டும், அதாவது 2.40-ஐ மட்டும் எழுதிவிடுகிறார்கள். அது ஐந்து சதவீதம்தான். பரிமாறியவருக்கு ஏன் கோபம் என்று இவர்களுக்குத் தெரியாமலே போகும். அதனால் எழுதுவதற்கு முன் நான் எழுதப்போகும் டிப்பை, இங்கே 7.20-ஐ, ஏழால் பெருக்கிப் பார்ப்பேன். ஏழு ஏழு நாற்பத்தொன்பது, சில்லறையோடு ஐம்பதைத் தாண்டும். சாப்பாட்டுத் தொகையைவிடச் சற்று அதிகம், ஆகவே சரி. ஆறால் பெருக்கினால் 43.20, கீழே நிற்கும். டிப் சரியான பதினைந்து என்றால் சாப்பாட்டுத் தொகை எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வரும்.

குயின்ஸ், நியூயார்க்

இவ்வளவு எதற்கு அண்ணா? பில்லிலேயே வரி அச்சாகியிருக்கிறது. அதை இரண்டு மடங்காக்கினால் டிப் வந்துவிடும். 60 டாலர் சாப்பாட்டுக்கு வரி 5.33, இரட்டித்தால் 10.66. பாதியும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம். எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு இதுதான்.

எடிசன், நியூ ஜெர்சி

தம்பி, நியூயார்க் நகரத்தில் வரி 8.875 சதவீதம். இரட்டித்தால் 17.75 வருகிறது, நல்ல டிப். ஆற்றைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து அதையே செய்தால் 13.25தான். மேலே சொன்ன என் பில்லில் 3.17-ஐ இரட்டித்துப் பாருங்கள், 6.34. கிட்டத்தட்ட ஒரு டாலர் குறைகிறது. ஓரிகனுக்குப் போனால் விற்பனை வரியே கிடையாது, எதை இரட்டிப்பீர்கள்?

குயின்ஸ், நியூயார்க்

சரி, நகரத்துக்குள் மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் 60 டாலருக்கு உங்கள் வழியில் 9 வரும், என் வழியில் 10.66. பரிமாறுகிறவர் எதை விரும்புவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை

எனக்கும் பதினைந்து சதவீதத்தில் ஒரு சந்தேகம். ஆடித் தள்ளுபடியில் 4000 ரூபாய்க்குப் புடவை எடுத்தேன். 10 சதவீதத் தள்ளுபடி, பில் போடும் இடத்தில் மேலும் 5 என்று போட்டிருந்தார்கள். நீங்கள் சொல்கிற மாதிரி 400, அதில் பாதி 200, ஆக 600 கழியும் என்று எதிர்பார்த்தேன். பில்லில் 580தான் கழிந்திருந்தது. கடைக்காரர் 20 ரூபாய் எடுத்துக்கொண்டாரா?

டாலஸ், டெக்சாஸ்

ஏமாற்றவில்லை அம்மா. நான் மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். முதலில் 10 கழித்ததும் விலை 3600 ஆகிவிட்டது. அடுத்த 5 சதவீதம் அந்த 3600 மீதுதான் போட்டிருக்கிறார்கள், அது 180. மொத்தத்தில் உங்களுக்குக் கிடைத்தது 14.5 சதவீதம். பாதி எடுக்கும் வழி பலிக்க வேண்டுமென்றால் இரண்டு துண்டும் ஒரே தொகையிலிருந்து வர வேண்டும். டிப்பில் அது தானாக நடக்கிறது, அடுக்குத் தள்ளுபடியில் நடக்காது.

இந்த வழி நம் பழைய எண்சுவடிக் கணக்கிலேயே இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு ஒருமா, பத்தில் ஒரு பங்கு இருமா, இரண்டும் சேர்ந்தால் மும்மா. மும்மா என்றால் நூற்றுக்குப் பதினைந்து. பில் 60 என்றால் நான் ஒருமாவை முதலில் எடுப்பேன், 3 டாலர். அதை மும்மடங்காக்கினால் 9. இருபதால் சுலபமாக வகுபடும் தொகைக்கு இது இன்னும் வேகம்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

நான் கல்லூரியில் படித்தபோது மாலையில் ஓட்டலில் பரிமாறியவள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டெக்சாஸில் டிப் வாங்குகிற வேலைக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். மத்திய சட்டத்தில் 1991 முதல் அந்த எண் மாறவில்லை. டிப்பையும் சேர்த்து 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்பது விதி. அதனால் நீங்கள் எழுதும் 7.20 எங்களுக்கு இனாம் இல்லை, சம்பளம். அதிலும் முழுசாகக் கைக்கு வராது. எங்கள் கடையில் மேசை துடைப்பவருக்கும் பார் ஆளுக்கும் பங்கு போகும். அந்தப் பங்கை அன்றைய விற்பனையை வைத்துப் போடுவார்கள், வந்த டிப்பை வைத்து இல்லை. ஒரு மேசை ஐந்து சதவீதம் வைத்துவிட்டுப் போனாலும் அந்த விற்பனைக்கு நான் பங்கு கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று, கோடு போட்ட சீட்டில் டிப்பை எழுதிவிட்டு, டோட்டல் கோட்டில் கூட்டலைத் தப்பாக எழுதுகிறவர்கள் நிறைய. 50.97-உடன் 7.17 சேர்ந்தால் 58.14. அங்கே 57.14 என்று இருந்தால் எங்கள் கடையில் டோட்டலைத்தான் எடுப்பார்கள், எனக்கு ஒரு டாலர் போச்சு. எழுதும்போது ஒரு நிமிடம் நின்று கூட்டுங்கள்.

ஆறு பேருக்கு மேல் போனால் பல கடைகளில் 18 சதவீதம் அவர்களே சேர்த்திருப்பார்கள். பில்லின் அடியில் கிராஜுவிட்டி என்று ஒரு தொகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழே டிப் கோடு காலியாகத்தான் இருக்கும், அதற்கு மேல் நீங்கள் போட்டால் போட்டதுதான்.

சான் ஹோசே, கலிபோர்னியா

அக்கா சொன்னது டெக்சாஸுக்குச் சரி. எங்கள் மாநிலத்தில் டிப்பைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது, பரிமாறுகிறவருக்கும் மாநிலக் குறைந்தபட்சக் கூலி முழுசாக உண்டு. அதனால் நான் பதினைந்துக்கு மேல் போவதில்லை. இயந்திரத்தில் 18, 20, 22 என்றுதான் பொத்தான் வருகிறது. வேறு தொகை என்பதை அமுக்கி நானே கணக்குப் போட்டுத் தட்டுகிறேன். அந்தப் பொத்தான்கள் பல இடங்களில் வரி சேர்ந்த தொகைக்குக் கணக்குப் போடுகின்றன என்பதையும் பாருங்கள்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

கூலி முழுசாக இருந்தாலும் சான் ஹோசே வீட்டு வாடகைக்கு அது எந்த மூலைக்கு? இருபது கொடுங்கள் தம்பி. கணக்கும் சுலபம், பத்தை இரட்டித்தால் போதும்.

குயின்ஸ், நியூயார்க்

பஃபேக்கு என்ன செய்கிறீர்கள்? நாமே எழுந்து போய் எடுத்து வருகிறோம். நான் முதல் படியோடு, பத்தோடு, நிறுத்திவிடுவேன்.

எடிசன், நியூ ஜெர்சி

நானும் பத்துதான். ஆனால் சூடாக தோசை மேசைக்கு வந்துகொண்டே இருந்தால் பாதியையும் சேர்த்துவிடுவேன்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

தண்ணீர் ஊற்றியது யார், எச்சில் தட்டை எடுத்தது யார்? பஃபேயிலும் பதினைந்துதான் என்பேன்.