தாத்தா பாட்டிக்கு எந்த வீடியோ கால் ஆப் நல்லது? (கண் மங்கல், நெட் ஸ்லோ)

பனித்துளி: அவசரம். இப்ப இருக்கற ஆப் சிக்கிச் சிக்கி நிக்குது. பாட்டிக்குப் பட்டனும் தெரியல. வேற நல்ல ஆப் சொல்லுங்க. வாரக்கடைசிக்குள்ள போட்டுக் குடுக்கணும்.

கம்பிவலை: எந்த ஆப், எந்த போன், வைஃபையா சிம்மா? நிக்கறது உங்க படமா, அவங்க படமா? எதுவும் சொல்லாம ஆப் பேரு கேட்டா எப்படி?

சுழல்விசிறி: கூகுள் மீட் போடுங்க. அதோட முன்னோடி டுவோவுக்கு 2020-லயே AV1-ங்கற வீடியோ சுருக்கற முறையைக் கொண்டுவந்துட்டாங்க. மெதுவான லைன்லயும் படம் தெளிவா வரும். கேள்வியே முடிஞ்சுது.

கம்பிவலை: AV1 குறைஞ்ச டேட்டாவுல நல்ல படம் தரும், உண்மை. ஆனா அந்த வேலையை போனோட சிப்தான் செய்யணும். பழைய போன் அதுல சூடாகித் திணறும். நெட் மேல பழி போட்டுட்டு உக்காந்திருப்பீங்க.

பனித்துளி: சாரி. வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டு, வைஃபை. எங்க பக்கத்துல அவங்க படம் உறையுது. அவங்க பக்கத்துல எங்க படம் பெரும்பாலும் ஓகே, சாயங்காலம் மட்டும் அதுவும் மங்குது. பாட்டிக்குக் கண்ணு நடுவுல மங்கல், ஓரம் தெரியும்.

நிலைமானி: பாதி விடை இதுலயே இருக்கு. அவங்க படம் உங்களுக்கு உறையுதுன்னா முதல் சந்தேகம் அவங்க லைனோட அப்லோட். ஸ்பீடு டெஸ்ட்ல எல்லாரும் டவுன்லோட் எண்ணையே பாக்கறாங்க. ரெண்டையும் எழுதி வைங்க.

சாயங்காலம் மட்டும்னா, அவங்க போன் அப்ப போட்டோ பேக்கப் பண்ணுதான்னு பாருங்க. வைஃபை கிடைச்சா அன்னிக்கு எடுத்த படமெல்லாம் மேல ஏறும், குறுகின அப்லோட் முழுக்க அடைபடும். உங்க படம் சரியா வந்து சேருதாங்கற தகவலும் அதே வழியாத்தான் உங்க போனுக்குத் திரும்புது. அது தாமதமானா, லைன் மோசம்னு நினைச்சு உங்க போன் தரத்தைத் தானே குறைச்சுக்கும். சாயங்காலம் உங்க படமும் மங்கறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

சோதனை சுலபம். பேக்கப்பை நிறுத்திட்டு அதே நேரத்துல ஸ்பீடு டெஸ்ட், அப்பறம் ரெண்டு நிமிஷ கால். அப்பவும் உறைஞ்சா அவங்க கேமராவை மட்டும் அணைங்க. உடனே குரல் சரியானா தடை அப்லோட்லதான்.

அடுத்து வாட்ஸ்அப்ல Settings → Storage and data → `Use less data for calls`. படம் கொஞ்சம் மங்கும், அறுபடாம இருக்கும். ரெண்டு போன்லயும் போடுங்க.

மல்லிப்பந்தல்: எங்க வீட்ல ஐபோன், ஆட்டோ ஆன்சர் இருக்கு. பட்டனே தொட வேண்டாம், தானா எடுக்கும்!

கம்பிவலை: அது ஐபோன் வசதி. அவர் ஆண்ட்ராய்டுன்னு சொல்லிட்டார். தவிர, பாட்டி எந்த நிலைல இருந்தாலும் படம் ஓட ஆரம்பிக்கறது சரியா?

மல்லிப்பந்தல்: எத்தனை நொடி கழிச்சு எடுக்கணும்னு வைக்கலாமே. கீழ விழுந்து கிடந்தா கூப்பிட்டுப் பாக்க வேற என்ன வழி?

கம்பிவலை: வழி வேணும், ஒத்துக்கறேன். ஆனா அதை அவங்களைக் கேட்டுத்தான் போடணும், வீட்டுப் பிள்ளைங்க முடிவு பண்ணி இல்ல.

சுழல்விசிறி: தாத்தா பாட்டி பாதுகாப்பு முக்கியமா, வெக்கம் முக்கியமா?

நிலைமானி: அதைத் தனி இழைல பேசுங்க. பட்டனுக்கு வரேன். எழுத்து அளவு கூட்டினா எழுத்து மட்டும் பெருசாகும். Display size கூட்டினாத்தான் ஐகானும் பெருசாகும். போன் பயன்பாட்டுல இருக்கும்போது கால் வந்தா மேல சின்னப் பட்டைதான் வரும், பாட்டி தவறவிடறது அங்கதான். பேசாத நேரத்துல திரையை அணைச்சு வைக்கச் சொல்லுங்க. அப்ப முழுத்திரைல வரும், பட்டனும் பெருசு.

நடுப்பார்வை மங்கினவங்களுக்கு முகத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு முக்கியம். நீங்க ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காராதீங்க, வெளிச்சம் முகத்துல விழணும். பின்னாடி வெறும் சுவர், போன் ஸ்டாண்டுல. அசையாத பின்னணிக்கு டேட்டா மிகக் குறைவு, மிச்சமெல்லாம் முகத்துக்குப் போகும். அவங்க போனும் ஸ்டாண்டுலதான். கையில ஆடினா ஒவ்வொரு நொடியும் படம் முழுக்கப் புதுசா அனுப்பணும், அந்த அப்லோட்ல அது தாங்காது. நாலு பேர் குரூப் கால் வேண்டாம், முகம் ஸ்டாம்பு அளவு ஆயிடும்.

பனித்துளி: பேக்கப் ஓடும்போது அப்லோட் 0.1 Mbps, நிறுத்தினா 0.9. அவங்க படம் இப்ப உறையல. ஆப் மாத்தல. பட்டன் இன்னும் தகராறு, மேல தள்ளறதுக்குப் பதிலா பாட்டி தட்டறாங்க. டைம் இல்ல, அப்பறம் வரேன்.

கம்பிவலை: பேக்கப்பை ஒரேயடியா நிறுத்திடாதீங்க, போன் கெட்டா படமெல்லாம் போயிடும். காலையில ஓட விட்டுட்டு, பேசற நேரத்துல மட்டும் நிறுத்துங்க.

மல்லிப்பந்தல்: தட்டறதுக்கும் தள்ளறதுக்கும் ஆண்ட்ராய்டுல வழி யாருக்காவது தெரியுமா? எங்க பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் இதேதான்.