கண்ணாடிக் கதவில் இடவலம் மாறிய கன்னட எழுத்து: உதவி வேண்டும்

ஊட்டியில் ஒரு கடைக் கதவில் வெளியே பார்த்து ஒட்டிய கன்னட அறிவிப்பு. படம் உள்ளேயிருந்து எடுத்தது. மொழிபெயர்ப்புச் செயலி ஒரு சொல்லையும் பிடிக்கவில்லை. 180 டிகிரி சுழற்றிப் பயனில்லை, எழுத்து கண்ணாடிப் பிம்பமாகவேதான் இருக்கும். இடவலமாகப் புரட்ட வேண்டும்:

```
magick in.jpg -flop out.jpg
```

`-flip` போட்டால் மேல்கீழ் மாறிவிடும், கவனம்.

சிக்கல் வேறு. கண்ணாடி வழியே தெரியும் எதிர்க்கடைப் பலகை ஏற்கெனவே நேராக இருக்கிறது; முழுப்படத்தையும் புரட்டினால் அது கெடுகிறது. அதனால் கதவு எழுத்தை மட்டும் வெட்டிப் புரட்ட வேண்டியிருக்கிறது. செல்ஃபி படங்கள் இன்னும் குழப்பம்: திரையில் புரண்டு தெரிந்தாலும், பல போன்களில் சேமித்த படம் நேராகவே இருக்கும்.

இப்படி 40 படங்கள். ஒவ்வொன்றாகக் கையால் வெட்டாமல் செய்ய வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.